பதினான்காவது விளக்கு

கணக்கு வாத்தியாராகப் பதினொரு வருஷம் இருந்தவனுக்கு வெற்றுத்தாளைக் கண்டால் கோபம் வரும். பரீட்சைக்கு முன்னால் எல்லா வகுப்புக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: தெரியாவிட்டாலும் எழுது, ஒரு கேள்வியையும் வெறுமையாய் விடாதே, பாதி சரியென்றால் பாதிப் புள்ளி வரும். யாழ்ப்பாணத்தில் அது நல்ல புத்திமதி. அதை ஒக்லாந்துக்கும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தது என் பிழை.

எண்பதுகளின் கடைசியில், ஜப்பானில் ஓடிய பழைய கார்கள் கப்பலில் வந்து இங்கே மலிவாக விற்கத் தொடங்கின. அதுவரை பஸ்ஸுக்கு நின்ற எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகக் கார்க்காரர் ஆனார்கள். நான் மவுண்ட் ஆல்பர்ட்டில் வாடகைக்கு இருந்தேன். பென்ரோஸில் ஒரு பண்டகசாலையில் பெட்டிகளை எண்ணும் வேலை. வாத்தியார் வேலைக்கு இங்கே என் சான்றிதழ் போதாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கடுப்பு எனக்குள் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

நான் வாங்கிய கார் நல்ல கார்தான். ஆனால் அது பேசிய பாஷை வேறு. நூறைக் கொஞ்சம் தாண்டினால் டாஷ்போர்டுக்குள்ளிருந்து 'கிணிங், கிணிங்' என்று மணி அடிக்கும். வேகம் கூடிவிட்டதாம், ஜப்பான் சட்டம் அது. ரேடியோவில் எஃப்எம் தொண்ணூறோடு முடிந்துவிடும். இங்கத்தைய நிலையங்களில் பாதி அதற்கு மேலே இருந்தன. கையேடு ஒன்று டாஷ்போர்ட் பெட்டிக்குள் கிடந்தது, தடித்த புத்தகம், மேலிருந்து கீழாக ஜப்பான் எழுத்து. என் மனைவி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இனி நீங்கள் இதையும் திருத்திப் புள்ளி போடுங்கோ" என்று பகிடி பண்ணினாள்.

சாவியை ஒரு சுற்றுச் சுற்றினால், எஞ்சின் தொடங்குவதற்கு முன்னால், முள்ளுகளுக்குக் கீழே எல்லா விளக்கும் ஒன்றாய் எரியும். பல்ப் வேலை செய்கிறதா என்று காட்டுவதற்காம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாய் அணைந்துவிடும். அந்த இரண்டு மூன்று விநாடியை நான் ஒரு சனிக்கிழமை முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்து, தெரிந்ததை எல்லாம் ஒரு கொப்பித் தாளில் வரைந்தேன். பதினான்கு விளக்கு.

பெரும்பாலானவை படங்கள். சொட்டு விழும் கேத்தில் மாதிரி இருப்பது எஞ்சின் எண்ணெய். அது எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். கூட்டலும் கழித்தலும் போட்ட பெட்டி பட்டரி. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி பிரேக். கைப்பிரேக் இறங்கிய பிறகும் எரிந்தால் பிரேக் எண்ணெய் குறைவு. நூலகத்தில் இருந்த ஒரு கார் திருத்தும் புத்தகத்தில் இந்தப் படங்கள் எல்லாம் இருந்தன. படம் எந்த நாட்டிலும் படம்தான். இரண்டு விளக்குகளில் மட்டும் படம் இல்லை, ஜப்பான் எழுத்துத்தான். அதில் ஒன்றைச் சோதனை செய்தே பிடித்துவிட்டேன்: கதவைத் திறந்தால் எரிந்தது, மூடினால் அணைந்தது. அன்றைக்கு எனக்கு வந்த பெருமைக்கு அளவில்லை.

மிஞ்சியது பதினான்காவது. மூன்று எழுத்து, செம்மஞ்சள் நிறம். சாவி சுற்றும்போது எரியும், பிறகு எரியவே எரியாது. நான் எதைத் திறந்தாலும் மூடினாலும் எரியவில்லை. கார் விற்ற யார்டுக்குப் போய்க் கேட்டேன். விற்றவன் எட்டிப் பார்த்துவிட்டு, எரியாத விளக்கைப் பற்றி ஏன் கவலைப்படுகிறாய் என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நூலகத்தில் ஜப்பான் ஆங்கில அகராதி ஒன்று எடுத்தேன். அந்த எழுத்துகளைக் கோடுகளை எண்ணித்தான் தேட வேண்டும். மூன்றாவது எழுத்தைப் பன்னிரண்டு கோடு என்று எண்ணிப் பிடித்தேன்: வெப்பம். நடுவில் இருந்தது ஆறு கோடு: காற்று. முதலாவது அகப்படவேயில்லை. பத்து என்று எண்ணினேன், பன்னிரண்டு என்று எண்ணினேன், இல்லை. நூலகம் மூடும் மணி அடித்துவிட்டது.

காற்று, வெப்பம். மூன்றில் இரண்டு. பரீட்சையில் அது பாஸ்.

வீட்டுக்கு வந்து தாளில் பதினான்காவது கட்டத்துக்குள் எழுதினேன்: 'ஹீட்டர் காற்றுச் சூடாகிவிட்டது. பயமில்லை, ஓடலாம்.' அந்தக் கடைசி இரண்டு சொல்லை எந்த அகராதியும் எனக்குச் சொல்லவில்லை. 'என்ன செய்ய வேண்டும்' என்று நானே ஒரு நிரல் போட்டிருந்தேன், அதை நிரப்ப வேண்டியிருந்தது. 'தெரியாது' என்று எழுதியிருக்கலாம். பேனை அந்தச் சொல்லுக்கு வரவில்லை.

தாள் அழகாய் இருந்தது. வேலையிடத்தில் கேட்டு முப்பது பிரதி எடுத்தேன். பொங்கலுக்குப் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் எல்லோரும் கூடியபோது கார் வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்தேன். ஆட்கள் வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்கள். "மாஸ்டர் எண்டால் மாஸ்டர்தான்" என்றார் ஒருவர். இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னை யாரும் மாஸ்டர் என்று கூப்பிட்டுக் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கியது.

தாள் வாங்கியவர்களில் ஒருவன் என்னோடு பென்ரோஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். மன்னார்க்காரன், வேதக்காரப் பிள்ளை, என்னைவிட ஏழு வயது இளமை. நான் அவனைத் தம்பி என்பேன். மாஸியில் இரண்டு பேரோடு ஒரு வீட்டில் இருந்தான், அங்கே போன் இல்லை. அவனுடையதும் என்னுடையதைப் போலவே ஒரு கார், ஒரு வருஷம் பழையது. வேகமணி அடித்தால் பூசையில் நற்கருணை எழுந்தேற்றும்போது அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பான். அவன் சிரிப்பது அபூர்வம்.

அவனுக்கு ஒரு பாரம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதை எனக்குச் சொல்லியிருந்தான். அவனுடைய சொந்தத் தம்பியை ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. அதற்குப் பிறகு தாய் இவனைப் பிடித்த பிடியாய்ப் பிடித்திருக்கிறார், நீயும் போய்விடாதே என்று. இவன் ஒரு நாள் காலை சைக்கிளுக்கு டியூப் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டு, கொழும்பு, சிங்கப்பூர் என்று இங்கே வந்து சேர்ந்துவிட்டான். போகிறேன் என்று தாய்க்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டான்.

"கடிதம் வருது மாஸ்டர். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கிறா. சுகம், சுகமறிய ஆவல் எண்டு. நான் சொல்லாமல் வந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. என்னில கோவமோ, இல்லையோ எண்டு எனக்குத் தெரியேல்லை. கடிதத்தில கேக்க ஏலாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசிக்கும்."

அந்தக் கோடையில் தாய் கண் ஒப்பரேஷனுக்குக் கொழும்புக்கு வந்தார். உறவினர் ஒருவர் எழுதியிருந்தார்: ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஆறு மணிக்குத் தெரிந்த வீடு ஒன்றிலிருந்து டெலிபோன் எடுப்போம், அன்றைக்கே வாடகை வான் பிடித்து ஊர் திரும்புகிறோம். கொழும்பில் விடிய ஆறு என்றால் எங்களுக்கு மத்தியானம் ஒன்றரை. எடுப்பதற்கு அவன் கொடுத்திருந்த நம்பர் என் வீட்டு நம்பர். அந்தக் கொழும்பு வீட்டு நம்பர் எங்களிடம் இல்லை.

"ஒரு கேள்விதான் மாஸ்டர்," என்றான் வெள்ளிக்கிழமை. "கோவமோ அம்மா எண்டு கேப்பன். அவவின்ர சத்தத்திலயே எனக்கு விளங்கிப் போகும்."

அந்த ஞாயிறு நல்ல வெயில். என் மனைவி அவனுக்கும் சேர்த்துச் சமைத்திருந்தாள். பூசை முடிந்து பன்னிரண்டரைக்கு வெளிக்கிடுவதாகச் சொல்லியிருந்தான்; மாஸியிலிருந்து எங்கள் வீட்டுக்கு இருபது நிமிஷம் காணும். ஒரு மணிக்கு நான் வாசலில் நின்றேன். ஒன்றேகாலுக்கு ரோட்டுக்கு இறங்கினேன். ஒன்றரைக்கு உள்ளே போன் அடித்தது.

தூரத்து டெலிபோன் என்பது இரைச்சலிலேயே தெரிந்தது. ஒரு பெண்குரல், கிணற்றுக்குள் கூப்பிடுவதுபோலக் கத்தியது. "ராசா! ராசா!"

"அம்மா, நான் அவன்ர சிநேகிதன். அவன் இப்ப வந்துகொண்டிருக்கிறான்."

"வரேல்லையோ இன்னும்?"

"வாறான் அம்மா. கார் வைச்சிருக்கிறான். இப்ப வந்திடுவான்."

"காரோ! அவனுக்கு ஓடத் தெரியுமோ?" அவர் பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, "கார் வைச்சிருக்கிறானாம்" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

நான் கதையை இழுத்தேன். கண் எப்படி அம்மா என்றேன். ஒரு கண் நல்லாய்த் தெரியுது, மற்றக் கண்ணுக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கினம் என்றார். அங்கே குளிரோ என்று கேட்டார். இப்ப வெயில் காலம் அம்மா என்றேன். மாதா கோவில் இருக்கோ என்று கேட்டார். இருக்கு, ஒவ்வொரு ஞாயிறும் போறான் என்றேன். நான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். மனைவி ரோட்டில் நின்று இல்லை என்று கையை விரித்தாள்.

"அவனுக்கு ஒரு கடைவாய்ப் பல்லு வலிச்சுக்கொண்டு இருந்தது, தம்பி. காட்டினவனோ எண்டு கேளுங்கோ. காட்டாமல் இருப்பான். காட்டச் சொல்லுங்கோ."

"சொல்லுறன் அம்மா."

"வான்காரன் கத்துறான். நான் போனை வைக்கட்டே? அவன்ர சத்தம் ஒருக்காக் கேட்டால் காணும் எண்டு வந்தனான்." பிறகு, "சரி, நீங்கள் இருக்கிறியள்தானே" என்றார். லைன் அறுந்தது. பதினொரு நிமிஷம் கதைத்திருந்தோம்.

அவன் மூன்று மணிக்குப் பிறகு வந்தான், பொலிஸ்காரில். வெள்ளைச் சட்டை, பூசைக்குப் போட்டது, முன்பக்கம் முழுக்கக் கரி. இறங்கி வந்து வாசலில் நின்று, "அம்மா எடுத்தவவோ?" என்று மட்டும் கேட்டான். நான் தலையாட்டினேன். அவன் படியில் இருந்துவிட்டான்.

நடந்ததைப் பிறகு சொன்னான். ஒரு கிழமையாக அவன் காரின் எஞ்சின் ஏற்றத்தில் திக்கித் திக்கி ஓடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மோட்டர்வேயில் ஏறி ஐந்து நிமிஷத்தில் அந்தச் செம்மஞ்சள் விளக்கு எரிந்திருக்கிறது. மூன்று எழுத்து.

"தாளை எடுத்துப் பாத்தன் மாஸ்டர். ஹீட்டர் எண்டு இருந்தது. இந்த வெயிலில ஹீட்டரோ எண்டு யோசிச்சன். கையை வைச்சுப் பாத்தன், ஹீட்டர் நிப்பாட்டித்தான் கிடந்தது. ஆனால் நீங்கள் பயமில்லை எண்டு எழுதியிருக்கிறியள்தானே. ஓடினன்."

காலடியில் சூடு ஏறி, கம்பளம் கருகும் மணம் வந்தபோதுதான் பயந்து ஓரமாய் எடுத்திருக்கிறான். ஓரத்தில் காய்ந்த புல், முழங்கால் உயரம். இறங்கி முன்பக்கம் பொனட்டைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்க, அடியில் புல் பற்றியிருக்கிறது. காருக்குள் கிடந்த மிதிகம்பளத்தால் அடித்துப் பார்த்திருக்கிறான். கார் போய்விட்டது. தீயணைப்புக்காரர், பொலிஸ், கேள்விகள். "டெலிபோன், அம்மா, டெலிபோன் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தன், அவங்களுக்கு விளங்கேல்லை" என்றான்.

அந்தக் கிழமையே பென்ரோஸில் இந்தக் கார்களைத் திருத்தும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். என் தாளைக் காட்டினேன். அவர் பதினான்காவது கட்டத்தைப் பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார். அது புகையின் வெப்பம். ஜப்பான் கார்களில் புகைக்குழாயில், வண்டிக்கு அடியில், புகையைச் சுத்தமாக்கும் ஒரு பெட்டி இருக்கிறது. இங்கத்தைய கார்களில் அது இல்லை, அதனால் யாருக்கும் தெரியாது. ஒரு பிளக் பற்றாமல் விட்டால் எரியாத பெற்றோல் அந்தப் பெட்டிக்குள் போய் அங்கே எரியும். பெட்டி பழுக்கக் காய்ந்துவிடும். அப்போதுதான் அந்த விளக்கு எரியும். எரிந்தால் வேகத்தைக் குறைத்து, சீமெந்துத் தரையாய்ப் பார்த்து நிறுத்த வேண்டும். புல்லில் நிறுத்தவே கூடாது. எனக்கு அகப்படாத முதலாவது எழுத்துக்கு வெளியேற்றுவது என்று அர்த்தம். பதினொரு கோடு. நான் பத்தும் பன்னிரண்டும் எண்ணினேன்.

முப்பது பிரதியையும் தேடிப் போனேன். போன் உள்ள வீடுகளுக்கு எடுத்தேன், இல்லாத வீடுகளுக்கு நேரே போனேன். என் கையாலேயே அந்தக் கட்டத்தை வெட்டி, சிவப்புப் பேனையால் சரியானதை எழுதினேன். வாத்தியார் தன் விடையைத் தானே வீடு வீடாய்த் திருத்தித் திரிந்த வெட்கத்தை இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகிறது. அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும், நூறு வீதம் நிச்சயம் இல்லையென்றால், தெரியாது என்றுதான் சொன்னேன். "அப்பாடா, இந்த வீட்டில அந்தச் சொல்லைக் கேக்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது" என்றாள் மனைவி. அவள் பகிடியாய்ச் சொன்னாள். நான் சபதமாய்ப் பிடித்துக்கொண்டேன்.

தாய் கதைத்ததை அவனுக்கு அன்றைக்கே ஒன்று விடாமல் சொல்லியிருந்தேன்: கண், குளிர், கோவில், கடைவாய்ப் பல், சத்தம் ஒருக்காக் கேட்டால் காணும் என்றது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். மற்றக் கண்ணுக்கு அம்மா திரும்பக் கொழும்புக்கு வருவா, அப்போது கேட்பேன் என்றான். பல்லை அடுத்த கிழமையே பிடுங்குவித்தான்.

தாய் திரும்பக் கொழும்புக்கு வரவில்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து ஊரிலேயே போய்விட்டார். கடிதம் வந்து சேர ஐந்து கிழமை. அவன் அதைக் கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தான். மாலை நேரம். மனைவி தேத்தண்ணி வைத்தாள், அது ஆறிப்போனது. அவன் அழவில்லை. என்னைப் பார்த்தான்.

"மாஸ்டர், ஒருக்கா வடிவாய் யோசிச்சுச் சொல்லுங்கோ. அண்டைக்கு அம்மா என்னில கோவமில்லை எண்டு ஏதும் சொன்னவவோ? வேறை மாதிரி எண்டாலும் சொன்னவவோ?"

நான் யோசித்தேன். பதினொரு நிமிஷத்தையும் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். என் மனைவி அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு என்ன சொன்னது என்று எனக்கு விளங்கியது. விளங்கியும், என் வாய்க்குள் அந்தச் சபதம்தான் நின்றது.

"இல்லை, தம்பி. அதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. கோவமோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது."

அவன் தலையாட்டினான். எழும்பி என் கையைப் பிடித்தான். "சரி மாஸ்டர். தெரியாததைத் தெரியாது எண்டுதான் சொல்ல வேணும்" என்றான். எனக்கு ஆறுதலாய் இருக்கட்டும் என்று சொன்னான். அவன் அப்படித்தான்.

அவன் போன பிறகு மனைவி ஆறிய தேத்தண்ணியைக் கொண்டுபோய் ஊற்றினாள். பிறகு அங்கிருந்தபடியே சொன்னாள்: "கண் ஒப்பரேஷன் செய்த மனுசி, விடிய வெள்ளன எழும்பி, யாரோ வீட்டுக்குப் போய், பிள்ளையின்ர பல்லைக் கேட்டிருக்கு. அதை நீங்கள் கோவமில்லை எண்டு சொல்லியிருக்கலாம்."

அவன் அடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். முதலில் டிசம்பர் தோறும் நத்தார் மடல்கள் வந்தன, பிறகு நின்றன. என் தாளின் மூலப்பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது, பதினான்காவது கட்டம் சிவப்பில் திருத்தியபடி. அந்தக் கட்டத்தை நான் வெறுமையாய் விட்டிருக்க வேண்டும். அவன் கேட்டதை நிரப்பியிருக்க வேண்டும். இரண்டையும் மாறிச் செய்தேன்.